மைனி ஏமாற்றவில்லை

ஞாயிற்றுக்கிழமை நம் நடைக் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். இன்று காலை எங்கள் வீட்டு மைனி மைதானத்துக்கு வரவில்லை. "தலைவலி" என்றார்கள். எனக்குத் தெரியும், தலைவலி இல்லை.

தொப்பை குறைய என்று அண்ணாச்சி வைத்த முப்பது நாள் சிட்-அப் சவால் முடிந்ததும் அவர் குழுவில் போட்ட வரி இது: "முப்பது நாளும் ஒழுங்காச் செஞ்சிருந்தா தொப்பை அப்படியே இருக்குமா? ஏமாத்துறவங்களுக்கு எந்தச் சவாலும் உதவாது." அண்ணாச்சி பெயர் போடவில்லை. ஆனால் முப்பது நாளையும் முடித்த பெண்கள் இரண்டே பேர்; ஒருத்தி கல்லூரியில் படிக்கிற பிள்ளை. யாரைச் சொன்னீர்கள் என்று பாளையங்கோட்டை முழுக்கத் தெரியும். கீழே பதினேழு பேர் கைதட்டியிருந்தீர்கள். அதில் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு மறுவீட்டுச் சொதியைச் சாப்பிட்டவர்கள்.

மைனி ஏமாற்றவில்லை. நான் சாட்சி. காலை ஐந்தரைக்கு மொட்டை மாடியில் கோரைப் பாயை விரிப்பார்கள். முடித்ததும் அன்றைய எண்ணிக்கையை நாட்காட்டித் தாளில் எழுதுவார்கள். முதல் நாள் 40. கடைசி நாள் 150. இடையில் ஒரு தாளில் 85 என்று எழுதி, அடித்து, 90 என்று திருத்தியிருக்கிறார்கள். ஐந்து குறைந்துவிட்டது என்று மறுபடி பாயில் படுத்திருக்கிறார்கள். மொத்தம் கூட்டிப் பார்த்தேன், மூவாயிரத்துக்கு மேல் வருகிறது. இடுப்புச் சுற்றளவு மட்டும் 98 செ.மீ. இருந்தது, 98ஆகவே இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும். வயிற்றுத் தசைக்கு வேலை கொடுத்தால் வயிற்றுக் கொழுப்பு கரையாது. இருபத்திரண்டு வருடமாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, ஆனாலும் மறுபடி சொல்கிறேன்.

1984ல் அமெரிக்காவில் இதை நேராகவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 13 ஆண்கள், 27 நாள், ஆளுக்கு மொத்தம் 5,004 சிட்-அப். டேப் வைத்து அளந்ததோடு விடவில்லை. வயிறு, தோள்பட்டை எலும்புக்குக் கீழே, பிட்டம் என மூன்று இடத்திலும் கொழுப்பைத் துளி எடுத்து, அந்தச் செல்கள் எவ்வளவு சுருங்கியிருக்கின்றன என்று பார்த்தார்கள். வேலை செய்தது வயிறு. ஆனால் மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சுருக்கம். வயிற்றுக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை. இடுப்புச் சுற்றளவும் குறையவில்லை, எடையும் குறையவில்லை. 5,004 தடவை எழுந்து படுத்த ஆண்களுக்கே இதுதான் கணக்கு. மூவாயிரம் செய்த மைனி மட்டும் எப்படி ஏமாற்றுக்காரி ஆனார்கள்?

ஏன் இப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். தசைக்கு மேலேயே கொழுப்பு ஒட்டிக் கிடக்கிறது, அதனால் தசை அசைந்தால் பக்கத்தில் இருப்பதை எடுத்து எரித்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். அப்படி நேர் வழி கிடையாது. கொழுப்புச் செல்லில் இருப்பது முதலில் உடைந்து கொழுப்பு அமிலமாகி இரத்தத்தில் இறங்க வேண்டும். இறங்கச் சொல்வது அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள். அவை இரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறவை. வயிற்றுக்கு மட்டும் கட்டளை போடுவதில்லை. இரத்தத்தில் இறங்கிய கொழுப்பும் பொதுச் சொத்துதான். முதுகிலிருந்து வந்ததைக் கால் தசை எரிக்கும், தொடையிலிருந்து வந்ததை வயிற்றுத் தசை எரிக்கும். தெப்பக்குளத்தில் எந்தப் படித்துறையில் குடத்தை முக்கினாலும் குளம் மொத்தமும்தானே இறங்குகிறது, அந்த மாதிரி. இந்த உவமை முழுக்கப் பொருந்தாது என்பதும் உண்மை. குளம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இறங்கும். உடம்பு அப்படி இறங்காது. எங்கே முதலில் குறைய வேண்டும், எங்கே கடைசியில் என்பதை வம்சம், வயது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். நாம் எந்தத் தசையை ஆட்டுகிறோம் என்பது அந்த முடிவில் பெரிதாகச் சேராது.

அப்புறம் அளவு. பத்து நிமிடம் விடாமல் வயிற்றுப் பயிற்சி செய்தால் செலவாவது தோராயமாக 40, 50 கலோரி. சின்ன இட்லி ஒன்று. ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் இருப்பது ஏறக்குறைய 7,700 கலோரி. மைனி முப்பது நாளும் செய்ததை மொத்தமாகச் சேர்த்தால்கூட கால் கிலோ கொழுப்புக்குக் காணாது. அந்தக் கால் கிலோவும் உடம்பு முழுக்கப் பிரிந்து போகும்போது இடுப்பில் எதைக் காண்பது?

பன்னிரண்டாம் நாள் மைனி என்னிடம், "வயிறு எரியுது தம்பி, கரையுதுன்னு நினைக்கேன்" என்றார்கள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த எரிச்சல் கொழுப்பு எரிவதால் வருவதில்லை. களைத்துப்போன தசையின் எரிச்சல் அது. கையை மேலே தூக்கி ஐந்து நிமிடம் வைத்திருந்தால் தோளும் அப்படித்தான் எரியும், தோளில் எதுவும் கரையாது. அந்தச் சொல் நம்மைத் தப்பாக நினைக்க வைக்கிறது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாமே என்று விட்டுவிட்டேன். இப்போது அது என்னை அறுக்கிறது.

சரி, "எனக்குக் குறைந்ததே" என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். குறைந்திருக்கும். நான் மறுக்கவில்லை. ஆனால் சவால் தாளின் இரண்டாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். இரவு ஏழு மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது, பரோட்டா கிடையாது, அல்வா கிடையாது, தினமும் மைதானத்தைப் பத்துச் சுற்று. உங்களுக்குக் குறைந்தது இரண்டாம் பக்கத்தால். பெயர் வாங்கியது முதல் பக்கம். மைனிக்கு அந்த இரண்டாம் பக்கம் கையிலேயே வரவில்லை. கடைசியாகப் பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் முதல் பக்கத்தைப் படம் எடுத்துத்தான் அனுப்பினீர்கள். இது யார் தப்பு?

தம்பி ஒருவர் 2023ல் வந்த நார்வே ஆய்வைப் போட்டு, "அண்ணே, பழைய கதை பேசாதீங்க" என்றார். படித்தேன் தம்பி. அதில் வயிற்றுப் பயிற்சி செய்த குழுவுக்கு உடம்பின் நடுப்பகுதியில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் பத்து வாரம் ஓடுபொறியிலும் ஓடினார்கள், மொத்தக் கொழுப்புக் குறைவு அவர்களுக்கும், ஓட மட்டும் செய்த இன்னொரு குழுவுக்கும் ஒன்றுபோலத்தான். பங்கெடுத்தவர்கள் பதினாறு ஆண்கள். அதை வைத்து, பாயில் படுத்து நூறு தடவை எழுந்த ஒரு பெண்ணை ஏமாற்றுக்காரி என்று சொல்ல முடியுமா? இதற்கு முன்னால் டென்னிஸ் ஆடுகிறவர்களின் கையை அளந்தார்கள், 1971ல். வருடக் கணக்காக ஒரே கையால் அடிக்கிறவர்கள். அடிக்கிற கை தசையால் பருத்திருந்தது, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு இரண்டு கையிலும் ஒன்றுதான். இதைவிடத் தெளிவாக வேறு என்ன வேண்டும்?

என் கதையையும் சொல்கிறேன். 2019ல் நான் 84 கிலோ, இடுப்பு 101. முதுகுவலியால் ஒரு சிட்-அப்கூட எடுக்க முடியாத வருடம் அது. காலையில் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தேன். சோற்றை ஒரு கரண்டி குறைத்து பயறும் முட்டையும் சேர்த்தேன், சாயங்கால மிக்சரையும் இனிப்பு டீயையும் விட்டேன். ஐந்து மாதத்தில் 78 கிலோ, இடுப்பு 95. வயிற்றுப் பயிற்சி பூஜ்யம். முதலில் வற்றியது முகம். மார்க்கெட்டில் பார்க்கிறவர்களெல்லாம் "சாருக்கு சொகமில்லையா?" என்று கேட்டார்கள். அடுத்து மோதிரம் கழன்றது. முதல் இரண்டு மாதம் பேன்ட் அப்படியே இறுகித்தான் கிடந்தது. மூன்றாம் மாதத்துக்கு மேல்தான் பெல்ட்டில் ஒரு துளை தள்ளியது. அண்ணாச்சி வைத்த முப்பது நாள் கெடுவில் என்னை அளந்திருந்தால் நானும் ஏமாற்றுக்காரன்தான்.

அளந்த விதத்தையும் சொல்ல வேண்டும். முதல் நாள் அளந்தது மாலையில், சுண்டலும் டீயும் சாப்பிட்ட பிறகு. கடைசி நாள் அளந்தது காலையில், வெறும் வயிற்றில். காலை வெறும் வயிற்றுக்கும் மாலை வயிற்றுக்கும் இடையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தானாகவே போகும். ஒரே நேரத்தில், மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு, டேப் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வைத்து அளந்தால்தான் ஒப்பிட முடியும். "மூன்று சென்டிமீட்டர் குறைந்தது" என்று பரிசு வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே குறைந்தது என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கோபப்படாதீர்கள், சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். மைனியைக் காலையில் இரண்டு தடவையும் வீட்டிலேயே என் மனைவி அளந்தாள். அதனால்தான் அந்த 98 மாறவில்லை.

"அப்போ வயிற்றுப் பயிற்சியே வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும். முதுகுக்கு நல்லது, தசை வலுக்கும். கொழுப்பைக் கரைக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். மைனியே "எழுதுங்க தம்பி" என்று சொன்னதால் எழுதுகிறேன். பத்தொன்பதாம் நாள் என் மனைவிதான் பார்த்தாள். மைனி பாயிலிருந்து தலையைத் தூக்கும்போது தொப்புளுக்கு மேலே நட்டநடுவில் ஓட்டு முகடு மாதிரி ஒரு மேடு எழும்பியது. மைனிக்கு இரண்டு பிள்ளைகள். கர்ப்ப காலத்தில் வயிற்றின் முன் தசைகள் நடுக்கோட்டில் விலகும். பலருக்குத் திரும்பக் கூடிவிடும், சிலருக்குக் கூடாது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரலை வைத்தால் இடைவெளி தெரியும். பிசியோதெரபிஸ்ட் பார்த்தபோது இரண்டரை விரல் இடைவெளி. மைனியின் வயிறு தள்ளித் தெரிவதில் ஒரு பங்கு கொழுப்பே இல்லை, அந்த விலகல்தான். நடுவில் அந்த மேடு எழும்புகிறவர்கள் இந்த மாதிரி எழுந்து படுக்கக் கூடாது என்று சொல்லி நிறுத்தச் சொன்னார். மைனி நிறுத்தவில்லை. "இன்னும் பதினோரு நாள்தானே, பாதியில விட்டா என்ன சொல்லுவாக" என்றார்கள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவர்கள் படித்துவிட்டார்கள்.

இரண்டு பிள்ளை பெற்ற வயிற்றைப் பற்றி, அதைச் சுமக்காத நாம் எல்லோரும் எவ்வளவு எளிதாகப் பேசுகிறோம். "சோம்பேறி", "வாயைக் கட்டல". எங்கள் அம்மாவையும் இப்படித்தான் பேசினார்கள். அம்மா நாற்று நட்டு, வாய்க்காலிலிருந்து தண்ணீர் சுமந்து, நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தவள். அவள் வயிறும் தள்ளித்தான் இருந்தது. அவளை விடவா வயிற்றுத் தசைக்கு வேலை கொடுத்தவர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள்?

அண்ணாச்சி, உங்கள் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. மழையிலும் மைதானத்துக்கு வந்து நிற்கிற ஆள் நீங்கள். நாட்காட்டித் தாள் முப்பதையும் நூல் கோத்து வைத்திருக்கிறார்கள், நாளைக் காலை கொண்டுவருகிறேன், நீங்களே கூட்டிப் பாருங்கள். அதற்கு முன்னால், இன்று இரவுக்குள் அந்த வரியைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். கைதட்டிய பதினேழு பேரும் கையை எடுத்துவிடுங்கள்.