இண்டிகேட்டரைத் தட்டியதும் கார் போடும் கணக்கு

சில கார்களில், ஹைவேயில் இண்டிகேட்டரைத் தட்டினால் கார் தானாக லேன் மாறும், பக்கத்து லேனில் வண்டி வந்தால் மாறாது. இந்த வசதியைப் பற்றிப் பலருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். அந்த "வண்டி வந்தால்" என்பதை கார் எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்துகொண்டால், கண்ணாடியைப் பார்க்காமல் தட்டும் தைரியம் கொஞ்சம் குறையும்.

இதற்கான விதிகள் ஐ.நா.வின் 79ஆம் எண் ஸ்டியரிங் ஒழுங்குமுறையில் இருக்கின்றன. ஓட்டுநரே இண்டிகேட்டரைப் போட வேண்டும். போட்ட பிறகு 3 விநாடியாவது கழித்துத்தான் முன்சக்கரம் கோட்டைத் தொடலாம். கோட்டைத் தொடுவதிலிருந்து அடுத்த லேனுக்குள் போய்ச் சேர்வது வரை, காராக இருந்தால் 5 விநாடிக்குள் முடிய வேண்டும். அந்த 3 விநாடி பின்னால் வருகிறவருக்கு நாம் கொடுக்கும் அறிவிப்பு. நமக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு.

கோடு எங்கே இருக்கிறது என்பதை முன்கேமரா பார்த்துக்கொள்கிறது. பின்னால் வருவதைப் பார்ப்பது பெரும்பாலும் பின் பம்பரின் இரு மூலைகளில் ஒளிந்திருக்கும் ரேடார்கள். பின்வரும் வண்டி எத்தனை மீட்டரில், என்ன வேகத்தில் வருகிறது என்று அவை அளக்கின்றன. அடுத்து வரும் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. லேன் காலியா என்று கார் கேட்பதில்லை. "நான் உள்ளே நுழைந்தால், பின்னால் வருகிறவர் 0.4 விநாடியில் பிரேக்கை மிதித்து, ஒவ்வொரு விநாடியும் வேகத்தை விநாடிக்கு 3 மீட்டர் வீதம் குறைத்தால், எனக்கும் அவருக்கும் நடுவே நான் 1 விநாடியில் ஓடும் தூரமாவது மிஞ்சுமா?" என்றுதான் கேட்கிறது. மிஞ்சும் என்றால் போகலாம். அதாவது, காரின் சம்மதத்துக்குள் இன்னொருவருடைய பிரேக்கும் சேர்ந்திருக்கிறது. அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது ரேடாருக்குத் தெரியாது.

நீங்கள் 90 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், பக்கத்து லேனில் ஒருவர் 120இல் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்குப்படி அவர் குறைந்தது 40 மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். இப்போது முன்னால் ஒரு லாரி. க்ரூஸ் கன்ட்ரோல் உங்களை 70க்கு இறக்கிவிட்டது. அதே 120 ஆசாமிக்கு இப்போது 57 மீட்டர் தேவை. நாம் மெதுவாகப் போகப் போக இடைவெளி கூடுதலாக வேண்டும். லாரிக்குப் பின்னால் ஒட்டிய பிறகு தட்டினால் கார் மறுத்துக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அது கோளாறு இல்லை. வேகம் குறைவதற்கு முன்பே, தூரத்தில் லாரியைப் பார்த்ததும் தட்டுவதுதான் சரி.

ஆபத்து மறுக்கும்போது இல்லை, சம்மதிக்கும்போதுதான். பின்பக்க ரேடார் குறைந்தது 55 மீட்டர் பார்க்க வேண்டும் என்கிறது விதி. அதைவிட அதிகம் பார்க்கும் கார்கள் உண்டு, அந்த அளவோடு நிற்பவையும் உண்டு. நீங்கள் 90இல் போகும்போது, 150 மீட்டர் பின்னால் ஒருவர் 180இல் வருகிறார். நீங்கள் தட்டி 3 விநாடி கழிவதற்குள் அந்த இடைவெளியில் 75 மீட்டரை விழுங்கிவிடுவார். இந்த வேக வித்தியாசத்துக்கு 139 மீட்டர் வேண்டும், ஆனால் 55 மீட்டர் ரேடாருக்கு அவர் அப்போதும் கண்ணில் படவில்லை. கார் கோட்டைத் தாண்ட ஆரம்பிக்கிறது. அவர் பிரேக் போடாவிட்டால் உங்கள் பம்பருக்கு வர இன்னும் 3 விநாடி.

அதனால் கண்ணாடியை இரண்டு தடவை பார்க்க வேண்டும். தட்டுவதற்கு முன் ஒரு தடவை, தட்டிய பின் அந்த 3 விநாடிக்குள் இன்னொரு தடவை. இரண்டு பார்வைக்கு நடுவில் பின்னால் வரும் ஹெட்லைட் கண்ணுக்குத் தெரிய பெரிதாகியிருந்தால் விட்டுவிடுங்கள். சக்கரம் கோட்டைத் தொடுவதற்கு முன் இண்டிகேட்டரை அணைத்தாலே போதும், கார் லேன் மாறுவதைக் கைவிடும். தொட்ட பிறகு என்றால் ஸ்டியரிங்கை நீங்களே திருப்பிப் பிடிக்க வேண்டும். கை ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்துவது இதற்காகத்தான். ஒற்றை விரலைத் தொங்கவிட்டு சென்சாரை ஏமாற்றுகிறவர்களுக்கு இந்த நேரத்தில் அந்த விரல் உதவாது.

மூன்று லேன் சாலையில் இன்னொரு சிக்கல். நீங்கள் நடு லேனுக்குள் நுழையும் அதே நொடியில், அந்தப் பக்கத்து லேன்காரரும் நடுவுக்கு வரலாம். அவர் கோட்டைத் தாண்டும்வரை நடு லேன் காலி என்றுதான் கணக்கு சொல்லும். கழுத்தைத் திருப்பி அவருடைய முன்சக்கரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பம்பர் மூலையில் சேறு அப்பியிருந்தாலும், சைக்கிள் ஸ்டாண்டு மாட்டியிருந்தாலும் ரேடாரின் பார்வை குறையும். இதற்கு விதியிலேயே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: தயாரிப்பாளர் ரேடாருக்குச் சொல்லியிருக்கும் தூரத்துக்கு அப்பால் ஓடும் வண்டி ஒன்றையாவது ரேடார் பார்த்த பிறகுதான் இந்த வசதி உயிர் பெறும். ஆளில்லாத சாலையில் வண்டியை எடுத்ததும் தட்டிப் பார்த்துவிட்டு, "வேலை செய்யவில்லையே" என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறவர்கள், பின்னால் ஒரு வண்டி வரும்வரை காத்திருந்து பார்க்கலாம். அப்போதும் மறுத்தால், முதலில் பம்பரைத் துடையுங்கள்.