யார் முதலில் சர்வ் போட்டார் என்று கேட்டது குற்றமா?

டென்னிஸில் ஒரு செட் எந்த ஸ்கோரில் முடிய எவ்வளவு வாய்ப்பு என்று போடும் அந்த அட்டவணைக்குக் கீழே நேற்று நடந்ததை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி: "டாஸ் முடிந்துவிட்டது, யார் முதலில் சர்வ் என்று தெரிந்துவிட்டது, அப்புறமும் ஏன் 6-3க்குப் பழைய எண்ணே நிற்கிறது?" அதற்கு வந்த பதில்கள் "தியரி பேசாதே", "மேட்ச் பார்த்திருக்கியா?". கடைசியில் இரண்டாவதாக சர்வ் போட்டவரே 6-3 என்று செட்டை எடுத்ததும், என் கணக்கு பொய் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

அவர்கள் போட்ட எண்களையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பேருமே தங்கள் சர்வை 80% ஹோல்ட் செய்கிறார்கள், அதாவது தாங்கள் சர்வ் போடும் கேம்களில் 80% ஜெயிக்கிறார்கள். 6-3 என்றால் ஒன்பது கேம். கேமுக்கு கேம் சர்வ் மாறி மாறி வருவதால், அந்த ஒன்பதாவது கேமில் சர்வ் போடுவது முதலில் சர்வ் தொடங்கியவர். எல்லாமே இதில்தான் இருக்கிறது. எட்டு கேம் முடிந்து 5-3 என்று முன்னே நிற்கும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றுதான், 23.5%. ஏனென்றால் அதுவரை ஆளுக்கு நான்கு சர்வ் கேம். முதலில் சர்வ் போட்டவர் அங்கிருந்து தன் சர்வை ஹோல்ட் செய்தால் போதும், 0.8 ஆல் பெருக்க 18.8%. இரண்டாமவர் எதிராளியின் சர்வை பிரேக் செய்தாக வேண்டும், அதாவது எதிராளி சர்வ் போடும் கேமை ஜெயித்தாக வேண்டும், 0.2 ஆல் பெருக்க 4.7%. சரியாக நான்கு மடங்கு வித்தியாசம்! அட்டவணையில் இருந்ததோ இருவருக்கும் 11.7%, அதாவது இரண்டின் சராசரி. டாஸுக்கு முன்னால் அது சரியான எண், நியாயமான ஆட்ஸ், அதாவது பந்தயத்தில் வைத்த ஒரு ரூபாய்க்கு ஜெயித்தால் திரும்ப வர வேண்டிய தொகை, 8.5. டாஸ் முடிந்த நிமிடமே அது ஒருவருக்கு 5.3, இன்னொருவருக்கு 21. அந்த 8.5ஐ நம்பி இரண்டாமவர் பக்கம் பணம் வைத்தவர், பாதிக்கும் குறைவான விலைக்கு ரிஸ்க் எடுத்திருக்கிறார்.

6-4ல் இது அப்படியே தலைகீழ். பத்தாவது கேம் இரண்டாமவரின் சர்வ், அதனால் 6-4 என்று ஜெயிக்க அவருக்கு 20.8%, முதலாமவருக்கு வெறும் 6.7%.

"4.7% என்றாய், அதுதானே நடந்தது?" என்கிறார்கள். 4.7% என்றால் ஏறக்குறைய இருபத்தோரு செட்டுக்கு ஒரு முறை நடக்கும் என்றுதான் பொருள். நடக்கவே நடக்காது என்று நான் எங்கே சொன்னேன்? காட்டுங்கள். ஒரே ஒரு செட்டை வைத்து ஒரு சதவீதத்தை ஜெயிக்கவும் வைக்க முடியாது, தோற்கவும் வைக்க முடியாது.

"முதல் சர்வ் அவ்வளவு முக்கியம் என்றால், டாஸ் ஜெயித்தவரே செட்டை ஜெயிக்க வேண்டுமே" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, மரியாதையாகவும் கேட்டார். இல்லை. 6-0 முதல் 6-4 வரை கூட்டிப் பாருங்கள், இருவருக்கும் 34.0% தான் வரும். சர்வ் வரிசை யார் ஜெயிப்பார் என்பதை மாற்றுவதில்லை, எந்த ஸ்கோரில் என்பதைத்தான் மாற்றுகிறது. 6-6 ஆகி டை-பிரேக்குக்குப் போகும் வாய்ப்பும் அப்படியே 21.7%, யார் தொடங்கினாலும்.

இதை நான் முதலில் புரிந்துகொண்டது ஒரு நண்பரோடு தாளில் கேம் கேமாக எழுதிப் பார்த்தபோது. இடது பக்கம் ஒருவர் சர்வ், வலது பக்கம் மற்றவர் சர்வ், ஒன்பதாவது கோடு இடது பக்கம் விழுந்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குக் கணக்கில் பெரிய பிடிப்பெல்லாம் கிடையாது. அவருக்கே புரிந்தது.

டை-பிரேக் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே பக்கத்தில் இரண்டு பேரின் ஹோல்டையும் கூட்டிச் சராசரி போட்டு டை-பிரேக் எண் எடுக்கிறார்கள். 80-80 என்றால் 21.7%. 90-70க்கும் சராசரி 80 தானே? அங்கே முறையாகக் கணக்கிட்டால் 15.9% தான். ஒருவர் சர்வ் பலவீனமாக இருந்தால் செட் 6-6 வரை போவதே குறைவு, சராசரி அதை மறைத்துவிடுகிறது.

ஹோல்ட் எல்லா கேமிலும் ஒரே மாதிரி இருக்காது, செட்டை முடிக்க சர்வ் போடும்போது கை நடுங்கும், காற்று ஒரு பக்கம் அடிக்கும் என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். 80ஐ 78 ஆக்குங்கள், 76 ஆக்குங்கள். ஒன்பதாவது கேமில் சர்வ் போடுபவர் மாறிவிடுவாரா? மாறமாட்டார். அதனால் இந்த வாதத்தை என்னிடம் திரும்பத் திரும்பக் கொண்டுவராதீர்கள்.

எனக்கு உண்மையில் வலித்தது கிண்டல் இல்லை. என் கமெண்ட்டில் இருந்தது மேலே எழுதிய அந்தப் பெருக்கல் மட்டும்தான், ஒருவரையும் திட்டவில்லை. அதை நீக்கிவிட்டார்கள். என்னைக் கேலி செய்த பதில்கள் அப்படியே இருக்கின்றன, இப்போது வருபவர்களுக்கு நான் என்ன கேட்டேன் என்பதே தெரியாது. அட்டவணையில் 'முதல் சர்வ்' என்று ஒரு பத்தி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இன்று காலை வந்த புது அட்டவணையிலும் அது இல்லை.