ஏறி நின்றவளைத் தாங்காத பலகை எதற்கு?

கொடோட் இன்ஜினில் கேம் செய்கிறவர்களுக்கு, நகரும் பலகையில் பிளேயரை நிற்க வைக்க இன்னும் எத்தனை பேர் இதையே சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்? பலகை மேல் ஒரு `Area2D` வையுங்கள், பிளேயர் உள்ளே வந்ததும் பலகைக்கு சைல்ட் ஆக்குங்கள், வெளியே போனதும் கழற்றிவிடுங்கள், முடிந்தது. எங்கே ஐயா முடிந்தது? உங்கள் வீடியோ முடிகிற இடத்தில்தான் எங்கள் தலைவலி ஆரம்பிக்கிறது.

நேற்று தலவாக்கலையில் இருந்து ஒரு தம்பி தன் கேமை அனுப்பியிருந்தான். கொழுந்துக் கூடை மாட்டிய ஒரு பெண், மலை உச்சியில் இருந்து ஸ்டோருக்கு இறங்கும் கம்பி, அந்தக் கம்பியில் மேலும் கீழும் போய் வரும் பலகைகள். லயத்துத் தகரக் கூரையில் துருப்பிடித்த நிறத்தைக்கூட அவ்வளவு கவனமாக வரைந்திருக்கிறான். ஆனால் அந்தப் பெண்ணால் ஒரு பலகையில் ஒழுங்காக நிற்க முடியவில்லை. "அண்ணே, வீடியோவில சொன்ன மாதிரியேதான் செஞ்சேன், ஏன் இப்படிப் போகுது?" என்று கேட்கிறான். சொன்ன மாதிரியே செய்ததால்தான் தம்பி இப்படிப் போகிறது.

முதல் பலகை. கீழே நின்று குதிக்கிறாள். ஒன்வே பலகை என்பதால் ஊடே போய் மேலே ஏறி நிற்க வேண்டும். தலை ஏரியாவுக்குள் நுழைந்த அந்த நொடியே கோட் அவளைச் சைல்ட் ஆக்கிவிடுகிறது. கால் இன்னும் பலகைக்குக் கீழே இருக்கிறது, பலகையோ பக்கவாட்டில் போகிறது, இவளும் அந்தரத்தில் பலகையோடு இழுபட்டுப் போகிறாள். அங்கே ஒரு மண்சுவர் இருக்கிறது. சைல்ட் ஆன பிறகு பேரன்ட் நகர்ந்தால் சைல்டின் இடம் சும்மா மாறும். வழியில் சுவர் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் பாதி உடம்பு சுவருக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறது. இதைத்தான் சுலபமான வழி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சவாரி செய்கிறாளா என்பதை உடம்பு எங்கே உரசுகிறது என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. கால் பலகையின் மேல்விளிம்பில் இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. அந்தக் கேள்வியையும் பலகை நகர்வதற்கு முன்னால் கேட்க வேண்டும். நகர்ந்த பிறகு கேட்டால், கீழே இறங்கும் பலகை ஏற்கெனவே காலை விட்டுப் போயிருக்கும், பதில் எப்போதும் இல்லை என்றுதான் வரும். முதலில் யார் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள், பிறகு பலகையை நகர்த்து, அதே தூரம் அவர்களையும் நகர்த்து. அந்த நகர்த்தலும் அவளுடைய சொந்த மோதல் சோதனை வழியாகவே போக வேண்டும், சுவர் வந்தால் நிற்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பிளேயரின் சொந்த நகர்வு. செலெஸ்ட் என்ற கேம் 2018இல் வந்தது. நகரும் பொருள்கள் தங்கள் மேல் நிற்பவர்களை முதலில் பட்டியல் எடுத்து, பிறகு தூக்கிச் செல்லும் அந்த முறையை அதை உருவாக்கியவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்க மாட்டீர்கள், சொல்லிக்கொடுக்க மட்டும் வந்துவிடுவீர்கள்.

இரண்டாவது பலகை கீழே இறங்குகிறது, இதில் சைல்ட் ஆக்கும் கோட் இல்லை. பிரேமுக்கு 3 பிக்சல். நொடிக்கு 60 பிரேம், ஈர்ப்பு ஒவ்வொரு பிரேமும் வேகத்தில் 0.25 பிக்சல் கூட்டுகிறது. பலகை 3 பிக்சல் கீழே போன அதே பிரேமில் இவள் 0.25 பிக்சல்தான் விழுந்திருக்கிறாள். அடுத்ததில் அரை பிக்சல், அதற்கடுத்து முக்கால். கணக்குப் போட்டுப் பாருங்கள், அவள் பலகையை எட்டிப் பிடிக்க 23 பிரேம் ஆகிறது. அதற்குள் இரண்டும் 69 பிக்சல் இறங்கிவிட்டன. தொட்டவுடன் வேகம் பூச்சியம், மறுபடி முதலில் இருந்து. திரையில் பார்க்கிறவருக்கு அவள் பலகை மேல் தவளை மாதிரி தத்திக்கொண்டே இறங்குவது தெரியும். விளையாடுகிறவருக்கோ அதைவிடக் கொடுமை. அந்த 23 பிரேமும் அவள் "தரையில் இல்லை", ஜம்ப் பட்டனை அமுக்கினாலும் வேலை செய்யாது. தம்பி பட்டன் கெட்டுவிட்டது என்று நினைத்து ஜம்ப் கோடைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதியிருக்கிறான். பாவம், அந்தக் கோடில் ஒரு பிழையும் இல்லை.

கொடோட்டில் வேலை செய்கிறவன் இதைக் கையால் எழுதவே தேவையில்லை. பலகையை `AnimatableBody2D` ஆக்கி, `sync_to_physics` போட்டு, `AnimationPlayer` வைத்து நகர்த்தினால் அதன் கால்பேக்கை Physics என்று மாற்றினால் போதும். `CharacterBody2D` தானே பலகையின் வேகத்தை எடுத்துக்கொள்ளும். வீடியோக்காரர் என்ன செய்கிறார்? `StaticBody2D` ஒன்றை எடுத்து `_process` உள்ளே `position` மாற்றுகிறார். இன்ஜினுக்கு அந்தப் பலகைக்கு ஒரு வேகம் இருப்பதே தெரியாது. தெரியாத வேகத்தை அது எப்படிக் காலுக்குக் கொடுக்கும்?

இனி மூன்றாவது பலகை. என் வயிறு எரிந்தது இதைப் பார்த்துத்தான். மேலே ஏறி வரும் ஒன்வே பலகை, இதுவும் பிரேமுக்கு 3 பிக்சல். தம்பி இதைக் கையால்தான் எழுதியிருக்கிறான், வேறொரு பாடத்தைப் பார்த்து. அந்தப் பாடம் சொல்லும் விதி: போன பிரேமில் கால் பலகைக்கு மேலே இருந்ததா, இப்போது கீழே விழுந்துகொண்டு இருக்கிறாளா, அப்படியென்றால் நிறுத்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிற்கிற பலகைக்குச் சரியும்கூட.

இப்போது இதைப் பாருங்கள். திரையில் ஒய் கீழ்நோக்கிக் கூடும். பலகையின் மேல்விளிம்பு 200இல். அவள் கால் 198இல், அதாவது 2 பிக்சல் மேலே, மெதுவாக விழுகிறாள். அடுத்த பிரேம் வருகிறது. பலகை முதலில் நகர்ந்து 197க்கு வந்துவிட்டது. அவள் 199க்கு வருகிறாள். கோட் கேட்கிறது: போன பிரேமில் கால் 198, பலகை 197, கால் மேலே இருந்ததா? இல்லை. அப்படியென்றால் நீ கீழே இருந்து வருகிறவள், ஊடே போ. கண்ணுக்கு எதிரே பலகை மேல் இறங்கின பெண் அப்படியே ஊடுருவிப் பள்ளத்தில் விழுகிறாள். அதுவும் எல்லா முறையும் இல்லை! எந்த பிக்சலில் இறங்குகிறாள் என்பதைப் பொறுத்து சில தடவை நிற்கிறாள், சில தடவை விழுகிறாள். இப்படி வந்துபோகும் பிழையைப் போல மனிதனைக் கொல்வது வேறு இல்லை. தம்பி பலகையைத் தடிப்பாக்கிப் பார்த்திருக்கிறான். விளிம்பைத் தவிர வேறெதையும் பார்க்காத கோடுக்குத் தடிப்பு எதற்கு?

போன பிரேமின் காலை இந்தப் பிரேமின் பலகையோடு ஒப்பிட்டதுதான் மொத்தக் குற்றமும். காலின் பழைய இடத்தைப் பலகையின் பழைய இடத்தோடும், புதியதைப் புதியதோடும் பார்க்க வேண்டும்:

```
var rel_prev = prev_feet - plat.prev_top
var rel_now = feet - plat.top
if rel_prev <= 0 and rel_now >= 0:
    land_on(plat)
```

அதே கணக்கு. முன்பு 198 − 200, அதாவது −2, மேலே இருந்தாள். இப்போது 199 − 197, அதாவது 2, விளிம்பைத் தாண்டிவிட்டாள். நிறுத்து, காலை 197இல் வை. நான்கு வரி. விழுகிறாளா என்று தனியாகக் கேட்கவும் வேண்டாம், கேட்டால் கெடுதல்தான். குதித்து உச்சிக்குப் போகும்போது அவள் பிரேமுக்கு 1 பிக்சல் ஏறுகிறாள் என்று வையுங்கள், பலகை 3 ஏறுகிறது. அவள் ஏறினாலும் பலகை அவளைக் காலடியில் வந்து பிடிக்கிறது, நிற்க வேண்டும். "கீழே விழும்போது மட்டும்" என்ற விதி அவளைப் பலகையின் ஊடே விட்டுவிடும். இந்த நான்கு வரிக்கு அந்தக் குழப்பமே கிடையாது. மிதவைப் புள்ளி எண் வைத்திருப்பவர்கள் பூச்சியத்துக்குப் பதில் 0.01 அளவு இடம் விட்டுக்கொள்ளுங்கள், நிற்கும்போது நடுங்காது.

சரி, நின்றுவிட்டாள். இப்போது அதே ஏறும் பலகையில் இருந்து குதிக்கச் சொல்லுங்கள். பதுளை ரயிலுக்குள் நின்று குதித்தால் ரயிலோடுதான் போவோம், பெட்டி நம்மை விட்டு ஓடிவிடாது. இங்கே ஜம்ப் கோட் வேகத்தை −5 என்று நேரடியாக வைக்கிறது, பலகையின் −3 காற்றில் போய்விட்டது. பலகையை விட்டு விலகும் வேகம் வெறும் 2 பிக்சல். ஈர்ப்பு அதையும் தின்றதும் பலகை வந்து மறுபடி காலில் முட்டுகிறது. குதித்த மாதிரியே இல்லை. பலகையின் வேகத்தைக் கூட்டி −8 ஆக்கினால் தீர்ந்தது. கொடோட்டில் `platform_on_leave` என்று இதற்கே ஒரு அமைப்பு உண்டு. பலகை கீழே போகும்போது மட்டும் கூட்டாமல் விட விரும்பினால் அதற்கும் அதிலேயே தேர்வு இருக்கிறது. அந்த அமைப்பைத் தம்பி பார்த்த எந்தப் பாடமும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கடைசியாக, கீழ் அம்பும் ஜம்ப்பும் சேர்த்து அமுக்கினால் ஒன்வே பலகையில் இருந்து கீழே இறங்குவது. எல்லாரும் சொல்லும் வழி, மோதலை 0.2 நொடி அணைத்துவிட்டுத் திரும்பப் போடு என்பது. இறங்கும் பலகையில் இதைச் செய்து பார்த்தீர்களா? 0.2 நொடி என்றால் 12 பிரேம். அதற்குள் அவள் விழுவது 19.5 பிக்சல், பலகை இறங்குவது 36. மோதல் திரும்ப வரும்போது அவள் இன்னும் பலகைக்கு மேலேதான் இருக்கிறாள்! திரும்பவும் அதிலேயே இறங்கி நிற்கிறாள். நேரத்தை 0.5 ஆக்கினால் இறங்கிவிடுவாள், ஆனால் அதற்குள் கீழே இருக்கும் அடுத்த பலகையின் ஊடேயும் விழுந்துபோவாள். நேரம் பார்த்து மோதலை அணைப்பதை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. எந்தப் பலகையில் இருந்து இறங்கினாள் என்று அந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்து, பலகையின் வேகத்தையும் அவளுக்குக் கொடுத்து, கால் அதன் மேல்விளிம்பைத் தாண்டிக் கீழே போகும் வரை அதை மட்டும் கண்டுகொள்ளாமல் விடுங்கள். மற்றப் பலகைகள் அவளைத் தாங்கட்டும்.

இதையெல்லாம் நாலு பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் அந்தப் பிள்ளை ஒரு இரவில் படித்து முடித்திருப்பான். எழுத மாட்டார்கள். 40 நிமிட வீடியோ போடுவார்கள், அதில் முதல் பத்து நிமிடம் சேனல் கதை. இங்கே மழை கொட்டினால் சிக்னல் ஒரு கோடு, ரீலோட் போட்ட டேட்டா பாதி வீடியோவிலேயே தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதியில்தான் எப்போதும் பதில் இருக்கும்.