ஒன்று லிட்டர் தண்ணீர்

போன தை மாதம், மாமரம் பூத்து நின்ற நேரம். போச்சம்பள்ளிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் காலையிலேயே போன் செய்தார். “தம்பி, நீ அனுப்பின ஆடியோவில் ரெண்டு கிலோவா, ரெண்டு கிராமா? ஒண்ணும் விளங்கலையே.”

பூவில் வரும் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் தெளிப்பது பற்றி, எங்கள் பகுதி மா விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவுக்காக நான் தயாரித்த ஆடியோ அது. குரல் என்னுடையது இல்லை, எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளுடையது. நான் எழுதிக்கொடுத்த வரி இது: “1 லி. தண்ணீருக்கு 2 கி. நனையும் கந்தகம்.” திரையில் பார்த்தபோது எந்தத் தப்பும் தெரியவில்லை. எந்திரம் படித்ததோ, “ஒன்று லி... தண்ணீருக்கு இரண்டு கி... நனையும் கந்தகம்.” கிராம் என்பதைத்தான் ‘கி.’ என்று சுருக்கினேன். காதில் கேட்பவருக்கு அது கிலோவாகவும் இருக்கலாமே! அவர் கேட்டதால் தப்பித்தோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். குரலுக்குக் கொடுக்கும் பிரதியில் இலக்கமே இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் சொல்லாகவே எழுதிவிடுவேன். ஆங்கிலத்தில் இவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம், தமிழில் தேவை. ஏனென்றால் நம் எண், பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்து உருமாறுகிறது. 1 என்பது தனியாக நின்றால் ஒன்று, லிட்டருக்கு முன்னால் ஒரு, ஏக்கருக்கு முன்னால் ஓர். 200 என்பது இருநூறு, 5000 என்பது ஐயாயிரம். வேற்றுமை உருபு சேர்ந்தால் இன்னும் மோசம். “15-க்குள்” என்று எழுதினால் சில குரல்கள் “பதினைந்து” என்று நிறுத்தி, “க்குள்” என்று தனியாக விக்கும். “பதினைந்துக்குள்” என்று எழுதிவிட்டால் எந்தக் குரலும் தடுமாறாது.

புள்ளிதான் அடுத்த வில்லங்கம். ஒரே புள்ளியை நாம் மூன்று வேலைக்கு வைத்திருக்கிறோம். ‘ரூ.’, ‘கி.மீ.’ என்பதில் அது சுருக்கம், “காலை 6.30” என்பதில் நேரம், கே.ஆர்.பி. அணையின் நீர்மட்டம் 50.65 அடி என்றால் தசமம். எந்திரத்துக்கு இது எப்படித் தெரியும்? சுருக்கப் புள்ளியை வாக்கியத்தின் முடிவு என்று நினைத்து மூச்சு விடும், ஆறரை மணியை “ஆறு புள்ளி மூன்று சுழியம்” ஆக்கும். நான் “காலை ஆறரை மணி” என்றும், “ஐம்பது புள்ளி ஆறு ஐந்து அடி” என்றும் எழுதுகிறேன். கைபேசி எண்ணுக்கும் அப்படித்தான்: ஒவ்வொரு இலக்கமும் தனிச் சொல், ஐந்து முடிந்ததும் ஒரு முற்றுப்புள்ளி, பிறகு மீதி ஐந்து.

இடைவெளியைக் காற்புள்ளியால் மட்டும் சமாளிக்க முடியாது. ஒரு குரல் அதைக் கவனிக்கும், இன்னொன்று கண்டுகொள்ளாமல் ஓடும். அளவு சொல்லும் இடத்தில் வாக்கியத்தையே உடைத்துவிடுவது என் வழக்கம். எங்கே நிறுத்த வேண்டும், எப்படி ஒலிக்க வேண்டும் என்று குரலுக்குச் சொல்லும் எஸ்எஸ்எம்எல் குறிகளை மென்பொருள் ஏற்றுக்கொண்டால் அளவுக்கு முன் அரை விநாடி வைப்பேன். அந்த வரியைப் பிறகு இப்படி மாற்றினேன்:

```
<speak>
ஒரு லிட்டர் தண்ணீருக்கு
<break time="500ms"/> இரண்டு கிராம்.
பத்து லிட்டர் டேங்க் என்றால்
<break time="500ms"/> இருபது கிராம்.
</speak>
```

இரண்டாவது வாக்கியம் முதலில் இல்லை. தோப்பில் யாரும் ஒரு லிட்டர் கலக்குவதில்லை, டேங்க் கணக்கில்தான் கலக்குகிறார்கள். படிப்பவர் பெருக்கிக்கொள்வார். மோட்டார் சத்தத்தில் கேட்பவருக்கு நாம்தான் பெருக்கித் தர வேண்டும்.

உச்சரிப்பில் நான் கற்றது கொஞ்சம் வெட்கமான விஷயம். குரல் சரியில்லை என்று திட்டிய பல இடங்களில் தப்பு என் ஒற்றுப்பிழை. “பூகொத்து” என்று எழுதியிருந்தேன். உயிருக்கு நடுவில் தனியாக நிற்கும் க மெலிந்துதானே ஒலிக்கும், எந்திரமும் அப்படியே மெலித்துப் படித்தது. “பூக்கொத்து” என்றதும் சரியாகிவிட்டது. பள்ளியில் தமிழ் ஐயா தலையில் குட்டிச் சொன்னதை எந்திரம் குட்டாமல் சொல்கிறது.

ஆனால் எழுத்தால் தீராததும் உண்டு. பர்கூர் என்ற ஊர், பெங்களூரா என்ற மா ரகம், இரண்டிலும் முதல் எழுத்து நம் வாயில் ஆங்கில B போல அழுத்தமில்லாத ப. எழுத்தில் அந்த வேறுபாடு கிடையாது, எந்திரம் ‘பல்’லில் வரும் ப-வைப் போடுகிறது. ஒலிக்குறி கொடுக்க <phoneme> என்ற குறி இருக்கிறது. ஆனால் எல்லாத் தமிழ்க் குரலும் அதை மதிப்பதில்லை. ஆங்கில எழுத்தில் Bargur என்று நடுவில் போட்டுப் பார்த்தேன், ர் வெள்ளைக்காரத்தனமாக வந்தது. அப்படியே விட்டுவிட்டேன். பெங்களூராவைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாலும் தோப்புக்காரருக்கு எந்த மாங்காய் என்று தெரியும்.

இப்போது ஒவ்வொரு ஆடியோவுக்கும் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன், கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. காதுக்கானதை நான் சரிபார்ப்பதில்லை. எழுதியவனுக்கு எந்திரம் விழுங்கியதும் கேட்கும். எழுத்தைக் காட்டாமல் அம்மாவிடம் போனை நீட்டி, “எவ்வளவு கலக்கச் சொன்னாங்கம்மா?” என்று கேட்பேன். அவர் சொன்னது பிரதியில் இருப்பதோடு ஒத்துப்போனால்தான் குழுவுக்குப் போகும். போன வாரம் ஒன்று திரும்பி வந்தது. “பதினாறு லிட்டர் டேங்க்குக்கு முப்பத்திரண்டு” என்பது வரை சொல்லிவிட்டு, “முப்பத்திரண்டு என்னடா?” என்றார். பார்த்தால், கிராம் என்ற சொல்லையே விட்டிருக்கிறேன்.