ஓ குரூப் அம்மா, ஏ குரூப் பிள்ளை

“எனக்கு ஓ, பிள்ளைக்கு ஏ. காமாலைக்கு ரத்தத்தையே மாற்றலாம் என்கிறார் கிளினிக் மிஸ்ஸி. உண்மையா?” – பட்டர்வொர்த் வாசகி

பெரும்பாலும் நீல விளக்கே போதும், சகோதரி. தாயின் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் பிள்ளையின் சிவப்பணுவை உடைப்பதால் வரும் காமாலை இது; ஆனால் ஆர்எச் பொருந்தாதபோது வருவதைப் போலக் கடுமையாவது அரிது. ஆர்எச் அடையாளம் சிவப்பணுவில் மட்டும் இருப்பதால் தாயின் எதிர்ப்பொருள் முழுதும் அங்கேயே பாயும். ஏ அடையாளமோ குழந்தையின் சிவப்பணுவில் இன்னும் சரியாக வளர்ந்திருக்காது; மற்ற திசுக்களிலும் இருப்பதால் எதிர்ப்பொருள் சிதறிவிடும். ஆனால் இந்த ஓ-ஏ காமாலை முதல் பிள்ளைக்கே வரலாம்.

விளக்குக்கும் அடங்காமல், காமாலையின் மஞ்சள் பொருளான பிலிருபின் ஏறினால்தான் ரத்த மாற்று. 3 கிலோ குழந்தைக்குச் சுமார் 240 மில்லி ரத்தம். அதன் இரு மடங்கைத் தொப்புள் சிரை வழியாகக் கொஞ்சம் எடுத்து, அதே அளவு கொடுத்து மாற்றுவார்கள். கொடுப்பது ஓ சிவப்பணு. ஏ கொடுத்தால் மிஞ்சிய எதிர்ப்பொருள் அதையும் உடைக்கும். அப்புறம் திசுக்களில் தங்கிய பிலிருபின் மறுபடி ரத்தத்துக்கு வரும், அதனால் விளக்கை உடனே எடுக்க மாட்டார்கள்.