தீபாவளி ஸ்டாக்கைப் பார்த்து கிடங்கு வாங்காதீர்கள்

நம் காப்பார் பக்கம் யாருக்காவது வியாபாரம் கொஞ்சம் ஏறினால், உடனே காதில் விழும் பேச்சு: "எத்தனை நாளைக்கு வாடகை கட்டுவ? சொந்தமா ஒரு ஸ்டோர் வாங்கிப் போடு." தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி, கையில் ஒரு சென்ட் நிலம் இல்லாமல் வெளியே வந்த குடும்பங்கள் நாம். சொந்த இடத்தின் மேல் ஆசை இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் வளரும் வியாபாரத்துக்கு, அதிலும் பண்டிகையை நம்பி ஓடும் வியாபாரத்துக்கு, அந்த ஆலோசனை பெரும்பாலும் தப்பு என்பதே என் கருத்து. போர்ட் கிள்ளானில் வருஷக்கணக்காகச் சரக்கு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தெரிந்த தம்பி ஒருவரின் கணக்கை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். மசாலாத் தூள், அப்பளம், மாவு, அகல் விளக்கு, பூஜைச் சாமான் மொத்த வியாபாரம். சரக்கை அடுக்கும் மரத் தட்டுதான் பாலட்; சாதாரண மாதத்தில் அவரிடம் 60 பாலட் சரக்கு இருக்கும். தீபாவளிக்கு முந்தைய மூன்று மாதத்தில் அது ஏறி 150-ஐத் தொடும். பண்டிகை முடிந்ததும் மறுபடி 60.

அப்பளப் பெட்டி மேல் பாலட்டை அடுக்க முடியாது, நொறுங்கிவிடும். ரேக் போடாமல் தரையில் வைத்தால் நடைபாதையும் சேர்த்து ஒரு பாலட்டுக்கு 25 சதுர அடி பிடிக்கும். 60 பாலட்டுக்கு 1,500. பேக்கிங் மேசை, லோரி இறக்கும் இடம், சின்ன அலுவலகம் எல்லாம் சேர்ந்து 2,400 சதுர அடி போதும். 150 பாலட்டுக்கு 5,000 வேண்டும். அவருக்குக் கிடைத்த விலையில் சின்னது மாதம் 4,000 வெள்ளி, பெரியது 8,000. பெரியதை எடுத்தால் மூன்று மாத நெரிசலுக்காக வருஷத்துக்கு 48,000 வெள்ளி கூடுதல். மீதி ஒன்பது மாதம் பாதி இடத்தில் பூனை தூங்கும்.

சொந்தமாக வாங்கினால்? அவர் பார்த்த இடம் 15 லட்சம். முன்பணம் 3 லட்சம். மீதி 12 லட்சத்துக்கு 4.5% வட்டியில் 20 வருஷக் கடன் என்றால் மாதத் தவணை கிட்டத்தட்ட 7,600 வெள்ளி. நில வரி, சுக்காய் பிந்து, கூரை ரிப்பேர் எல்லாம் தனி. தவணைகூடப் பரவாயில்லை, எனக்கு உறுத்துவது அந்த 3 லட்சம்தான். ஜூலையில் சரக்கு எடுக்க அவர் கையில் வைத்திருக்கும் பணமே அதுதான். அதைச் சுவரில் போட்டுவிட்டால், தீபாவளிச் சரக்கைக் கடனுக்கு எடுக்க வேண்டும்; கடனுக்கு எடுத்தால் சப்ளையர் சொல்வதுதான் விலை. அரவை மில், குளிர் அறை என்று பெயர்த்து எடுக்க முடியாததைப் பொருத்தப் போகிறவர் வாங்கலாம். வருஷம் முழுக்க, சரக்கு குறைந்த மாதத்திலும், இடம் நிரம்பி இருப்பவரும் வாங்கலாம். இவர் இரண்டும் இல்லை.

அவர் எடுத்த வழி: சின்ன இடம் வாடகைக்கு, நெரிசல் சரக்கு பகிர்வுக் கிடங்கில். ஷா ஆலம், கிள்ளான் பக்கம் பல வியாபாரிகளின் சரக்கை ஒரே கூரையின் கீழ் வைத்து, பாலட் கணக்கில் பணம் வாங்கும் கிடங்குகள் இருக்கின்றன. மூன்று மாதத்துக்குச் சராசரி 60 பாலட் அதிகம் என்று வையுங்கள். பாலட்டுக்கு மாதம் 35 வெள்ளி, ஆக 6,300. ஏற்றி இறக்க பாலட்டுக்குப் போக வர 16 வெள்ளி. மூன்று மாதத்தில் மொத்தம் 150 பாலட் போய் வந்தால் 2,400. லோரிக் கூலி 3,000. மொத்தம் 11,700. அந்த 48,000-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பாலட்டைப் பிரித்து நாலு பெட்டி, அஞ்சு பெட்டி என்று எடுத்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கூலி. தினம் எடுக்கும் சரக்கை அங்கே வைத்தால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். முழு பாலட்டாகப் போய் முழு பாலட்டாக வரும் சரக்குக்குத்தான் அது லாயக்கு. பக்கத்தில் யார் சரக்கு என்பதையும் கேளுங்கள். சோப்புத் தூள் பக்கத்தில் நின்ற அப்பளம் பொரிக்கும்போது காட்டிக்கொடுக்கும். சூடத்தை எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்று பல இடங்களில் சேர்க்கவே மாட்டார்கள்.

இனி வாடகை ஒப்பந்தம். நம் ஊர் ஆட்கள் வாடகைத் தொகையில் 200 வெள்ளி குறைக்க ஒரு வாரம் பேசுவார்கள், ஒப்பந்தத்தை அஞ்சு நிமிஷத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

முதலில் நிலப் பத்திரத்தை, அதாவது கிராண்ட்டைப் பாருங்கள். செம்பனைக்கு நடுவே தகரக் கூரை போட்ட கொட்டகை பாதி வாடகைக்குக் கிடைக்கும். நில அலுவலகத்தில் சிறு கட்டணத்துக்கு ஒரு தேடல் செய்தால், நிலம் பெர்தானியான், பங்குனான், இன்டஸ்திரி இதில் எந்த வகை என்று தெரிந்துவிடும். பெர்தானியான் என்றால் விவசாய நிலம். அதில் கிடங்கு நடத்த நகராண்மை லைசென்ஸ் கிடைப்பது கஷ்டம். நில நிபந்தனையை மீறியதாக நோட்டீஸ் வருவது நில உரிமையாளருக்கு. சரக்கோடு வெளியே நிற்பது நீங்கள். தீ விபத்தில் இன்சூரன்ஸ்காரன் முதலில் கேட்பதும் இதைத்தான்.

இரண்டாவது, நம் ஊருக்கு இதுதான் ரொம்ப முக்கியம்: இடம் விற்கப்பட்டால் என்ன ஆகும்? இங்கே ஒவ்வொரு தோட்டமாக டெவலப்பர் கைக்குப் போவதை நாம் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். மூன்று வருஷத்துக்கு மேற்படாத வாடகையை நம் நிலச் சட்டப்படி பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் அந்த வாடகையை நில அலுவலகத்தில் கிராண்ட்டில் குறிப்பேற்றாவிட்டால், புதிதாக வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருந்தாலும் அவர் வெளியே போகச் சொல்லலாம். ஆகவே குறிப்பேற்ற நில உரிமையாளர் ஒத்துழைக்க வேண்டும் என்று ஒரு வரி, விற்றால் வாடகையோடு சேர்த்தே விற்க வேண்டும் என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். இடம் வங்கியில் அடமானம் இருந்தால் வங்கியின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். இல்லையென்றால் நில உரிமையாளர் தவணை கட்டாமல் விட்டு ஏலம் வரும்போது உங்கள் காகிதத்துக்கு மதிப்பில்லை.

மூன்றாவது, கூரையும் தண்ணீரும். கூரை, வடிகால், சுவர் ரிப்பேர் யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கட்டும். "வாடகைதாரர் எல்லா ரிப்பேரையும் செய்வார்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும்; மாவு மூட்டை நனைந்த பிறகுதான் கண்ணில் படும். 2021 டிசம்பர் வெள்ளம் கிள்ளான், ஷா ஆலம் பக்கம் என்ன செய்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நில உரிமையாளரின் இன்சூரன்ஸ் கட்டடத்துக்குத்தான், உங்கள் சரக்குக்கு இல்லை. நீங்கள் எடுக்கும் தீ இன்சூரன்ஸிலும் வெள்ளத்தைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இடம் பார்க்கப் போகும்போது பக்கத்துக் கடை சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நில உரிமையாளர் சொல்லாததைச் சுவர் சொல்லும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "புதுப்பிக்கும்போது மார்க்கெட் விலை" என்று இருந்தால் ஏற்றத்துக்கு ஓர் உச்சவரம்பு கேளுங்கள். 2025 ஜூலை முதல் பெரிய உரிமையாளர்களின் வாடகைக்குச் சேவை வரி உண்டு, சொன்ன தொகையில் அது சேர்ந்ததா என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்டு 30 நாளுக்குள் ஸ்டாம்ப் செய்யுங்கள். செய்யாத ஒப்பந்தத்தைக் கோர்ட் சாட்சியாக ஏற்காது.

பகிர்வுக் கிடங்கின் காகிதத்திலும் இரண்டு இடத்தில் விரல் வைத்துப் படியுங்கள். ஒன்று, சரக்கு தொலைந்தாலோ கெட்டாலோ அவர்கள் கொடுக்கும் நஷ்ட ஈட்டின் உச்சவரம்பு. அது பெரும்பாலும் சரக்கு விலையைவிட ரொம்பக் குறைவு. இன்னொன்று, பில் பாக்கி இருந்தால் சரக்கைப் பிடித்து வைக்கும் உரிமை. தம்பி அந்த வரியை முழுசாக நீக்கச் சொன்னார், அவர்கள் மறுத்தார்கள். கடைசியில், தகராறில் இருக்கும் பில் தொகைக்கு ஈடான பாலட்டை மட்டும் பிடிக்கலாம், மீதியை வெளியே விட வேண்டும் என்று மாற்றி எழுதி வாங்கினார்.