ஒரு ழ, மூணு எழுத்து

என் மகள் பெயர் யாழினி. பிறப்புச் சான்றிதழில் Yazhini, ஆதாரில் Yalini, பேங்க் பாஸ்புக்கில் Yazini. நேத்து கிருஷ்ணகிரியில் ஒரு கவுன்ட்டரில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். "மூணு பேர்ல எது சார் உங்க பொண்ணு?"ன்னு கேட்கிறார்! மூணும் அவதான்யா!

ஆங்கிலத்தில் ஒரே ஒரு l. அதில் ல, ள, ழ மூணையும் அடைக்கணும். நாக்கை மடிக்கும் ழ ஒலி அங்கே பொதுவா இல்லை. அதுக்கு நாமே ஏற்படுத்திக்கிட்ட அடையாளம்தான் zh. ஈழத்தில் பெரும்பாலும் l போடுவாங்க. ஈழமே Eelam தானே. புத்தகத்தில் அடியில் கோடு போட்டு ḻ எழுதுவாங்க, ஆனா ஆதாரில் கோடு ஏறாது.

zh-லயும் வம்பு இருக்கு. ஓசூர் கம்பெனியில் வடக்கத்தி மேனேஜர் 'யாஜினி'ன்னுதான் கூப்பிடுவார். இருந்தாலும் என் ஓட்டு zh-க்குத்தான். Yalini-ஐப் பார்த்து யாழினியா யாளினியான்னு யாரும் திருப்பி எழுத முடியாது. Zh பார்த்தா ழ-ன்னு தெரிஞ்சிடும். ள, ண-வுக்கு அந்த வசதியே கிடையாது, வெறும் l, n தான்.

ஆனா இதெல்லாம் பேர் வைக்கிற அன்னைக்கு யோசிக்கணும். இப்போ அவ பத்தாவது. மார்க் ஷீட்டில் எது ஏறுதோ அதுதான் பின்னாடி பாஸ்போர்ட் வரைக்கும் துரத்தும். அதனால பிறப்புச் சான்றிதழ்ல இருக்கிற Yazhini-யையே பள்ளிக்கூடத்தில் கொடுத்துட்டேன். ஆதாரையும் பாஸ்புக்கையும் மாத்தணும். நாளைக்கும் லீவு.